அலையும் அலைக்குழுவும்

நுழையும்முன்

காற்று வீசாத நாளிலும் கடல் பொங்குவது உண்டு. வானம் தெளிந்திருக்கும்; கரையில் பனையோலை அசையாது; ஆயினும் முகத்துவாரத்தில் திரை எழுந்து படகைப் புரட்டிவிடும். அத்திரையை எழுப்பிய புயல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர்களுக்கு அப்பால், பல நாள்களுக்கு முன்பே ஓய்ந்திருக்கக்கூடும். அந்த அலை எந்த நாளில், எந்த வேளையில் கரையை அடையும் என்று முன்கூட்டியே கூற இயலுமா? இயலும். ஆனால், அதற்கு அலையின் வேகத்தை மட்டும் அறிந்தால் போதாது. அலைக்கு இரண்டு வேகங்கள் உள்ளன என்பதையும், அவற்றுள் எது கரைக்கு ஆற்றலைக் கொண்டுவருகிறது என்பதையும் அறிதல் வேண்டும்.

ஏரியும் கடலும்

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கு ஓரத்தில் பழவேற்காடு ஏரி பரந்து கிடக்கிறது. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுவே. இதன் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டிலும் அமைந்துள்ளன. ஏரிக்கரை மீனவச் சிற்றூர்களுள் ஒன்று தோணிரேவு. ‘ரேவு’ என்னும் தெலுங்குச் சொல்லுக்குப் படகுத்துறை என்பது பொருள். தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் எல்லைப்புறத்தை ஊர்ப்பெயரே காட்டுகிறது.

இவ்வட்டார மீனவர்களுக்கு இரண்டு நீர்களுடன் உறவு உண்டு. ஒன்று, சராசரியாக ஒரு மீட்டர் ஆழமே உள்ள ஏரி. மற்றொன்று, முகத்துவாரத்திற்கு அப்பால் விரியும் வங்கக்கடல். ஏரியில் எழும் அலை சிறியது; அதனைக் கரையில் நின்றபடியே முழுமையாகக் காணலாம். கடலில் வரும் அலை நெடியது. அதன் ஒரு முகட்டிற்கும் அடுத்த முகட்டிற்கும் இடையே அரைக் கிலோமீட்டருக்கு மேல் இருப்பதும் உண்டு. ஆயினும், இரண்டையும் ஆள்வது ஒரே விதிதான். எனவே, சிறிய நீரில் அவ்விதியைக் கண்டுகொண்டு பெரிய நீருக்குச் செல்வோம்.

ஒரு முகட்டைத் தொடர்தல்

காற்றடங்கிய காலைப்பொழுதில் ஏரி கண்ணாடிபோல் கிடக்கிறது எனக் கொள்வோம். துறையில் கட்டிய படகின் விளிம்பில் ஒருவர் நின்று, நொடிக்கு ஒருமுறை என்ற தாளத்தில் பத்து முறை அழுத்தி அசைக்கிறார்; பின்னர் நிறுத்திவிடுகிறார். படகிலிருந்து ஓர் அலைக்கூட்டம் புறப்பட்டு விரிகிறது. பத்து முறை அசைத்ததால் நீரில் பத்து முகடுகள் தெரியவேண்டும் என்று நாம் எதிர்பார்ப்போம். ஆனால், எண்ணிப் பார்த்தால் ஏறத்தாழ ஐந்து முகடுகளே தெரியும்.

மீதி ஐந்து எங்கே போயின? விடையறிய, கூட்டத்தின் நடுவிலுள்ள ஒரு முகட்டைக் கண்ணால் விடாமல் தொடர வேண்டும். அம்முகடு கூட்டத்தினுள் முன்னேறிச் செல்கிறது; முன்வரிசையை நெருங்க நெருங்கத் தாழ்கிறது; இறுதியில் நீர்ப்பரப்போடு கலந்து மறைகிறது. அதேவேளையில் கூட்டத்தின் பின்புறத்தில், சற்றுமுன் ஒன்றுமில்லாதிருந்த இடத்தில், புதிய முகடு ஒன்று மெல்ல எழுகிறது. பின்னே பிறந்து, நடுவே ஓங்கி, முன்னே மறைவதே ஒவ்வொரு முகட்டின் வாழ்வுமாகும். கூட்டமாகிய முழுமையோ முகடுகளைவிட மெதுவாக நகர்கிறது.

வலை கட்டுவதற்காக நீரில் ஊன்றிய கம்பு ஒன்று சற்றுத் தொலைவில் இருக்குமாயின், இன்னொரு வியப்பையும் காணலாம். எந்தக் கணத்தில் நிழற்படம் எடுத்தாலும் ஐந்து முகடுகளே படத்தில் இருக்கும். ஆனால், கூட்டம் கம்பைக் கடந்து முடிவதற்குள் கம்பைத் தொட்டுச் சென்ற முகடுகளை எண்ணினால் பத்து வரும். படகு அசைந்த பத்தும் கணக்கில் சேர்ந்துவிட்டன. அவை ஒரே நேரத்தில் நீரில் இல்லை என்பதே உண்மை.

ஒரு தனி முகடு நகரும் வேகம் *கட்டத் திசைவேகம்* எனப்படும். முகடுகளின் கூட்டம் முழுமையாக நகரும் வேகம் *குழுத் திசைவேகம்* எனப்படும். ஆழ்ந்த நீரில் முகட்டின் கட்டத் திசைவேகத்தை அறிய எளிய வழி உண்டு. இரண்டு முகடுகள் அடுத்தடுத்துக் கடக்க ஆகும் நேரம், அதாவது அலைவு நேரம், எத்தனை நொடியோ அதனை 1.56 ஆல் பெருக்கினால், நொடிக்கு எத்தனை மீட்டர் என்ற விடை கிடைக்கும். குழுத் திசைவேகம் அதில் சரிபாதி. நம் படகின் அலைக்கு அலைவு நேரம் ஒரு நொடி. ஆகவே முகடு நொடிக்கு 1.56 மீட்டரும், கூட்டம் நொடிக்கு 0.78 மீட்டரும் செல்லும்.

இங்கே ‘ஆழ்ந்த நீர்’ என்பது அலையை ஒப்பிட்டுக் கூறப்படுவது. அலைநீளத்தில் பாதிக்கு மேல் ஆழம் இருந்தால் போதும். அலை தரையை உணராது. படகின் அலைக்கு அலைநீளம் 1.56 மீட்டர், அதில் பாதி 0.78 மீட்டர். எனவே, ஒரு மீட்டர் ஏரியும் அச்சிற்றலைக்கு ஆழ்கடலே.

ஏன் பாதி?

கூட்டம் ஏன் முகட்டைவிடப் பின்தங்குகிறது? இக்கேள்வி பத்தொன்பதாம் நூற்றாண்டில் அறிஞர் பலரை ஈர்த்தது. அயர்லாந்தின் ஹாமில்டன் 1839ஆம் ஆண்டிலேயே இக்கருத்தைத் தொட்டார். இங்கிலாந்தின் ஸ்டோக்ஸ், ராலே, ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் ஆகியோர் 1870களில் இதனை விரித்துரைத்தனர். அலை சுமந்து செல்லும் ஆற்றல் முகட்டின் வேகத்தில் அன்று, கூட்டத்தின் வேகத்திலேயே செல்கிறது என்பதை ரெனால்ட்ஸ் 1877இல் காட்டினார்.

காரணத்தைக் கூட்டல் கழித்தலாலேயே விளங்கிக்கொள்ளலாம். கடலில் இரண்டு அலைகள் ஒரே திசையில் செல்கின்றன எனக் கொள்வோம். ஒன்றின் அலைநீளம் 100 மீட்டர். மற்றொன்றின் அலைநீளம் 96 மீட்டர். ஆழ்ந்த நீரில் நீண்ட அலை விரைந்து செல்லும். குறுகிய அலை மெதுவாகச் செல்லும். அலைநீளத்திற்கு ஏற்ப வேகம் வேறுபடும் இப்பண்பே *பிரிகை*. இங்கே நீண்ட அலையின் வேகம் நொடிக்கு 12.5 மீட்டர், குறுகிய அலையின் வேகம் ஏறத்தாழ 12.25 மீட்டர்.

இரண்டின் முகடுகளும் ஓரிடத்தில் ஒன்றன்மீது ஒன்று பொருந்தும்போது அங்கே நீர் மிக உயரும். அதுவே கூட்டத்தின் நடுவிடம். அதற்குப் பின்னால் என்ன உள்ளது? நீண்ட அலையின் அடுத்த முகடு 100 மீட்டர் பின்னால் உள்ளது. குறுகிய அலையின் அடுத்த முகடு 96 மீட்டர் பின்னால் உள்ளது. நீண்டது நான்கு மீட்டர் பின்தங்கியிருக்கிறது. ஆனால், அது நொடிக்கு கால் மீட்டர் மிகுதியாக ஓடுகிறது. ஆகவே 16 நொடிகளில் அது குறுகியதை எட்டிப்பிடிக்கும். அப்போது உயரத்தின் நடுவிடம் முந்தைய முகடுகளை விட்டு, பின்னாலுள்ள இம்முகடுகளுக்கு மாறிவிடும்.

இந்த 16 நொடிகளில் முகடுகள் 200 மீட்டர் முன்னேறியுள்ளன. நடுவிடமோ ஒரு முகடு பின்வாங்கியதால் 100 மீட்டரை இழந்துவிட்டது. ஆக, அது உண்மையில் முன்னேறியது 100 மீட்டர்தான். முகடு 200 மீட்டர் செல்லும் நேரத்தில் கூட்டம் 100 மீட்டர் செல்கிறது. பாதி என்னும் விடை இவ்வாறு பிறக்கிறது.

இக்கணக்கினுள் இன்னோர் உண்மையும் அடங்கியுள்ளது. இரண்டு அலைகளும் ஒரே வேகத்தில் சென்றிருந்தால், பின்தங்கிய முகடு ஒருநாளும் எட்டிப்பிடிக்காது. நடுவிடம் தன் முகட்டை விட்டு மாறாது. கூட்டமும் முகடும் ஒரே வேகத்தில் செல்லும். பிரிகை இருக்குமிடத்தில்தான் இரண்டு வேகங்களும் வேறுபடுகின்றன.

> தெரிந்து தெளிவோம்
>
> அலைநீளம் ஏறத்தாழ 1.7 சென்டிமீட்டருக்கும் குறைவான நுண்ணலைகளில் புவியீர்ப்பைவிட நீரின் பரப்பு இழுவிசையே மேலோங்கி நிற்கும். அங்கே குறுகிய அலையே விரைந்து செல்லும். ஆகவே, விதி தலைகீழாகிறது: மிக நுண்ணிய அலைகளில் கூட்டம் முகட்டைவிட ஒன்றரை மடங்கு விரைவாகச் செல்லும்; முகடுகள் முன்னே பிறந்து பின்னே மறையும். நீரில் சிறு கூழாங்கல்லை இட்டு இவ்விதியைச் சோதிக்க முயல்வோர் இரண்டு வகை அலைகளையும் கலந்து கண்டு குழம்புவதற்கு இதுவே காரணம்.

புயலிலிருந்து கரைக்கு

இனிப் பெரிய நீருக்கு வருவோம். இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில், 40 பாகை தென் அட்சக்கோட்டிற்கு அப்பால், ஆண்டு முழுதும் புயல்கள் சுழல்கின்றன. அப்புயற்காற்று எழுப்பும் அலைகளுள் நீண்டவை வடக்கு நோக்கிப் பல நாள்கள் பயணம் செய்கின்றன. இவற்றை நெட்டலைகள் எனலாம். காற்றின் துணையின்றியே வரும் இவை கரையில் நிற்பவருக்கு முன்னறிவிப்புத் தருவதில்லை. கேரளக் கடற்கரை மக்கள் இதனைக் *கள்ளக்கடல்* என அழைக்கின்றனர். கள்வனைப்போல் ஓசையின்றி வருவது என்பது பொருள். தமிழகச் செய்தித்தாள்களிலும் இப்போது அச்சொல் வழங்குகிறது. ஐதராபாத்தில் இயங்கும் இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இத்தகைய அலைகள் குறித்துக் கரையோர மாநிலங்களுக்கு எச்சரிக்கை வெளியிடுகிறது. 2024 மே மாதத் தொடக்கத்தில் கேரளத்திற்கும் தென் தமிழகத்திற்கும் அவ்வாறு எச்சரிக்கை விடுக்கப்பட்டது.

வங்கக்கடலுக்குள் வரும் தென்திசை அலைகளில் ஒரு பகுதியை இலங்கைத் தீவு மறித்துவிடுகிறது. எஞ்சியவை தீவின் கிழக்கே கடந்து பழவேற்காட்டுக் கடலை அடைகின்றன. புயல் எழுந்த இடம் நம் கரையிலிருந்து 6,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது எனக் கொண்டு, ஓர் அலையின் வருகையைக் கணக்கிடுவோம்.

புதன்கிழமை மாலை ஏழு மணிக்கு அலைகள் புறப்படுகின்றன. அவற்றுள் நீண்டதன் அலைவு நேரம் 20 நொடி. முகட்டின் வேகம் நொடிக்கு 31.2 மீட்டர். ஒருவர் இவ்வேகத்தைக் கொண்டு கணக்கிட்டால், அலை 53 மணி நேரத்தில், அதாவது வெள்ளிக்கிழமை நள்ளிரவில், வந்துவிடும் என்பார். சனிக்கிழமை விடியலில் கடல் அமைதியாகவே இருக்கும். எச்சரிக்கை பொய்த்தது என எண்ணி, ஞாயிறு கழித்துத் திங்கள் விடியலில் படகுகள் முகத்துவாரத்தைக் கடக்கப் புறப்படும். உண்மையில் ஆற்றலைச் சுமந்து வருவது கூட்டமே. அதன் வேகம் நொடிக்கு 15.6 மீட்டர், பயண நேரம் 107 மணி. அலை வந்து சேர்வது திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு. தவறான வேகம், கேடு வரும் நாளையே பாதுகாப்பான நாளாகக் காட்டிவிடும்.

கரையில் நின்று புயலைக் காணல்

பிரிகை மற்றொரு நன்மையையும் தருகிறது. ஒரே புயலில் பிறந்த அலைகள் எல்லாம் ஒன்றாக வந்து சேர்வதில்லை. 20 நொடி அலை முதலில் வரும். 15 நொடி அலை பின்னர் வரும். அதனினும் குறுகியவை மேலும் பின்னர் வரும். தொலைவு மிகுந்தால் இந்த இடைவெளியும் மிகும். ஆகவே, இடைவெளியை அளந்து தொலைவைக் கண்டறியலாம்.

கடலில் மிதக்கும் அலைமானி ஒன்று திங்கள் காலை ஆறு மணிக்கு 20 நொடி அலையைப் பதிவு செய்கிறது எனக் கொள்வோம். 36 மணி நேரம் கழித்து, செவ்வாய் மாலை ஆறு மணிக்கு, 15 நொடி அலை மேலோங்குகிறது. முதல் அலையின் குழுத் திசைவேகம் நொடிக்கு 15.6 மீட்டர், இரண்டாவதன் குழுத் திசைவேகம் 11.7 மீட்டர். ஒவ்வொரு 1,000 கிலோமீட்டர் தொலைவுக்கும் முதலாவது 17.8 மணி நேரமும் இரண்டாவது 23.7 மணி நேரமும் எடுத்துக்கொள்ளும். ஆயிரத்திற்கு ஏறத்தாழ 6 மணி நேர வேறுபாடு. மொத்த வேறுபாடு 36 மணி எனில், தொலைவு ஏறத்தாழ 6,000 கிலோமீட்டர். புயலைக் காணாமலேயே அதன் இருப்பிடத் தொலைவை அறிந்துவிட்டோம்.

இதே கணக்கில் தவறுதலாக முகட்டின் வேகத்தைப் பயன்படுத்தினால், தொலைவு இருமடங்காகி 12,000 கிலோமீட்டர் என வரும். பழவேற்காட்டிலிருந்து தென்துருவமே ஏறத்தாழ 11,500 கிலோமீட்டர்தான். புயல், அண்டார்டிகப் பனிநிலத்தின்மேல் துருவத்திற்கும் அப்பால் எழுந்ததாக விடை கிடைக்கும். நிலத்தில் கடலலை பிறவாது. எனவே, பயன்படுத்திய வேகம் தவறு என்பதை விடையே காட்டிக்கொடுக்கிறது.

இம்முறையை பார்பர், அர்செல் என்னும் இருவர் 1948இல் வெளியிட்டனர். இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் பதிவான அலைகளைக்கொண்டு அட்லாண்டிக் பெருங்கடலின் தொலைதூரப் புயல்களை அவர்கள் கண்டறிந்தனர். அமெரிக்கப் பெருங்கடலியல் அறிஞர் வால்டர் மங்க், மெக்சிகோவை அடுத்த குவாடலூப் தீவில் அலைகளை அளந்து, அவற்றுள் சில இந்தியப் பெருங்கடலில் பிறந்தவை என 1950களில் காட்டினார்.

நடைமுறையில் கணக்கு இவ்வளவு தெளிவாக அமைவதில்லை. புயல் ஒரு புள்ளி அன்று. பல நூறு கிலோமீட்டர் அகன்றது. அது நகர்ந்துகொண்டே பல நாள்கள் அலைகளை எழுப்பும். இரண்டு புயல்களின் அலைகள் ஒன்றோடொன்று கலந்தும் வரும். முதலில் வரும் மிக நீண்ட அலைகள் பெரும்பாலும் தாழ்ந்தவையாதலால் கண்ணுக்குப் புலப்படா. உயர்ந்தவை பின்னரே வரும். ஆகவே, இன்றைய எச்சரிக்கைகள் பெருங்கடல் முழுவதும் வீசும் காற்றைக் கணினியில் உள்ளிட்டுப் பெறப்படுகின்றன. அக்கணினிக் கணக்கிலும் ஆற்றலை நகர்த்துவது குழுத் திசைவேகமே.

ஆழம் குறையும்போது

நெட்டலை கரையை நெருங்கும்போது அதன் இயல்பு மாறுகிறது. 20 நொடி அலையின் நீளம் ஆழ்கடலில் 624 மீட்டர். ஆழம் அலைநீளத்தில் பாதிக்குக் கீழே வந்ததும் அலை தரையை உணரத் தொடங்கும். இருபதில் ஒரு பங்கிற்கும் குறைந்தால் வேகத்தை முடிவு செய்வது ஆழம் மட்டுமே. அப்போது எல்லா நீண்ட அலைகளும் ஒரே வேகத்தில் செல்லும். பிரிகை மறையும், முகடும் கூட்டமும் ஒன்றாகும்.

பத்து மீட்டர் ஆழத்தில் அவ்வேகம் நொடிக்கு ஏறத்தாழ 9.9 மீட்டர். மூன்று மீட்டர் ஆழத்தில் அது 5.4 மீட்டராகக் குறையும். முன்னே செல்லும் ஆற்றல் தயங்க, பின்னிருந்து வருவது நெருக்க, அலை உயர்கிறது. முகத்துவாரத்தின் மணல்திட்டின்மேல் அமைதியான நாளிலும் திரை எழுந்து உடைவதன் காரணம் இதுவே. படகு கடலுக்குள் சென்றுவிட்டால் அதே அலை அதனை மெல்ல ஏற்றி இறக்குவதோடு நின்றுவிடும். இடர் இருப்பது ஆழங்குறைந்த அந்தக் குறுகிய வழியில்தான்.

ஆழிப்பேரலையோ நடுக்கடலிலும் தரையை உணரும் அலை. அதன் நீளம் நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. மூன்று கிலோமீட்டர் ஆழமுள்ள கடலும் அதற்கு ஆழங்குறைந்த நீரே. அவ்வாழத்தில் அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 617 கிலோமீட்டர். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்திரா அருகே நிலம் அதிர்ந்த ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் அலை சென்னைக் கரையை அடைந்தது. நெட்டலைகள் நாள்கணக்கில் பிரிந்து பிரிந்து வந்து சேர, அப்பேரலை பெரிதும் சிதறாமல் தன் ஆற்றலோடு திரண்டு வந்தது. பிரிகை இல்லாமை அதன் அழிவாற்றலுக்கு ஒரு காரணமாகும்.

கண்ணாடியில் ஒளி

நீரலையில் கண்ட இவ்வேறுபாடு ஒளிக்கும் உண்டு. வெற்றிடத்தில் எல்லா நிறங்களும் ஒரே வேகத்தில் செல்கின்றன. கண்ணாடியில் சிவப்பு சற்று விரைந்தும் நீலம் சற்றுத் தயங்கியும் செல்கின்றன. முப்பட்டகத்தில் நிறங்கள் பிரிவது இதனால்தான். அவ்வாறாயின், ஒளித்துடிப்பு என்னும் கூட்டமும் முகட்டைவிட மெதுவாகவே செல்ல வேண்டும்.

1880களில் மைக்கல்சன் என்னும் அமெரிக்க இயற்பியலறிஞர், பிரிகை மிகுந்த கார்பன் டைசல்பைடு என்னும் திரவத்தில் ஒளியின் வேகத்தை அளந்தார். அதன் ஒளிவிலகல் எண்ணைக் கொண்டு பார்த்தால் ஒளி 1.64 மடங்கு மெதுவாகியிருக்க வேண்டும். அளவீடோ ஏறத்தாழ 1.76 மடங்கு எனக் காட்டியது. பிழை கருவியில் இல்லை. ஒளிவிலகல் எண் முகட்டின் வேகத்தைக் கூறுகிறது. ஒளியை விட்டுவிட்டு அனுப்பி அளக்கும் கருவி கூட்டத்தின் வேகத்தை அளக்கிறது. ராலேயின் விளக்கம் இரண்டு எண்களையும் பொருத்திக் காட்டியது.

2020 ஆகஸ்ட் முதல் சென்னையையும் அந்தமானையும் இணைக்கும் ஒளியிழை வடம் வங்கக்கடலின் அடியில் செயல்படுகிறது. அதன் கண்ணாடி இழையினுள் செய்திகள் ஒளித்துடிப்புகளாகச் செல்கின்றன. ஒவ்வொரு துடிப்பும் பல அலைநீளங்களின் கூட்டம். தொலைவு கூடக்கூட அவை பிரிந்து, துடிப்பு அகன்று, அடுத்த துடிப்போடு கலக்க முற்படும். இதனைச் சரிசெய்யாவிடில் மறுமுனையில் செய்தியைப் படிக்க இயலாது. ஒரே கடலின் மேற்பரப்பில் நெட்டலைகளை நாள்கணக்கில் பிரித்துவைக்கும் பிரிகை, அதன் அடித்தளத்தில் ஒளித்துடிப்பை நொடியின் மிக நுண்ணிய கூறுகளில் அகலச் செய்கிறது.

கற்பவை கற்றபின்

1. அமைதியான குளத்தில் ஒரு பலகையை நொடிக்கு ஒருமுறை வீதம் பத்து முறை அழுத்துக. அலைக்கூட்டத்தை நிழற்படம் எடுத்து அதிலுள்ள முகடுகளை எண்ணுக. ஊன்றிய கம்பைக் கடக்கும் முகடுகளையும் எண்ணி, இரண்டையும் ஒப்பிட்டு வகுப்பில் உரையாடுக.

2. 18 நொடி அலைவு நேரம் கொண்ட நெட்டலை 5,000 கிலோமீட்டர் கடக்க எவ்வளவு நேரம் ஆகும்? முகட்டின் வேகத்தைக் கொண்டு கணக்கிட்டால் எச்சரிக்கை எத்தனை மணி நேரம் தவறும்?

3. காற்றில்லாத நாளில் முகத்துவாரத்தைக் கடக்கவிருக்கும் மீனவர்களுக்கு, நெட்டலை எச்சரிக்கையை விளக்கும் அறிவிப்பு ஒன்றினை எளிய தமிழில் எழுதுக.